கையா, அக்குளா? நட்சத்திரப் பெயர்க் கேள்விகள்

வேகா என்ற பெயர் நம் 'வேகம்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதானே?

இல்லை. காதுக்கு ஒத்துப் போகிறது என்பதற்காக வேர் கண்டுபிடிக்க வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அரபியில் முழுப் பெயர் 'அல்-நஸ்ர் அல்-வாகிஉ', அதாவது இறங்கி அமரும் கழுகு. கடைசிச் சொல்தான் லத்தீனில் தேய்ந்து வேகா ஆனது. வேகாவையும் பக்கத்தில் உள்ள இரண்டு மங்கலான நட்சத்திரங்களையும் சேர்த்து, சிறகை மடக்கி இறங்கும் பறவையாக அரபியர் பார்த்தார்கள். அல்டேரும் (நம் திருவோணம்) அதன் இரு பக்கத்துத் துணைகளும் ஒரே கோட்டில் இருப்பதால் அது சிறகு விரித்த கழுகு, 'அல்-நஸ்ர் அல்-தாயிர்'. ஒரே இரவில் இரண்டையும் பாருங்கள், பெயர் தானே புரியும்.

டெனெப், டெனெபோலா இரண்டும் ஒன்றா?

இல்லை. 'தனப்' என்றால் வால். டெனெப் கோழியின் வால், டெனெபோலா சிங்கத்தின் வால்.

பெட்டல்ஜூஸ் என்றால் 'ராட்சதனின் அக்குள்' என்று படித்தேன். உண்மையா?

உண்மையில்லை. இந்த அக்குள் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

நாம் திருவாதிரை என்று சொல்லும் இந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு அரபியர் வைத்த பெயர் 'யத் அல்-ஜவ்ஸா'. யத் என்றால் கை. ஜவ்ஸா அவர்கள் வானத்தில் கண்ட ஒரு பெண். நடு என்ற பொருளுள்ள வேரோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அதே இடத்தில் கிரேக்கர் கண்ட வேட்டைக்காரன் ஓரியன் அரபியரின் பழைய கதையில் இல்லை. ஆக, ராட்சதனும் இல்லை, அக்குளும் இல்லை.

அப்படியானால் 'யத்' எப்படி 'பெட்' ஆனது? அரபியில் சொல்லின் தொடக்கத்தில் யகரத்துக்கும் பகரத்துக்கும் உடல் ஒன்றுதான். கீழே இரண்டு புள்ளி இருந்தால் ய, ஒரு புள்ளி இருந்தால் ப. இடைக்காலத்தில் லத்தீனுக்கு மாற்றியபோது யகரம் பகரமாக வாசிக்கப்பட்டு, பெயர் 'பெத்' என்று தொடங்கிவிட்டது. ஒரு புள்ளி போன பிழை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய தவறு. பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் இந்தப் பிழையான வடிவத்தை அசல் என்று எடுத்துக்கொண்டு, 'பாத்' என்றால் அக்குள் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அரபியில் அக்குளுக்குச் சொல் 'இப்த்', 'பாத்' இல்லை. ஜெர்மன் அரபியியல் அறிஞர் பால் குனிட்ச் இந்தக் குழப்பத்தை 20-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக்கிவிட்டார். ஆனாலும் கதை ஓயவில்லை.

சந்தேகம் இருந்தால் ரைஜலைப் பாருங்கள். அதே உருவத்தின் எதிர்க் கோடியில் இருக்கும் நீல வெள்ளை நட்சத்திரம். அதன் பெயர் 'ரிஜ்ல் அல்-ஜவ்ஸா', ஜவ்ஸாவின் கால். ஒரே பெண்ணுக்கு ஒரு முனையில் கை, மறு முனையில் கால். அரபி எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் பெயருக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

அல்கோலுக்கு 'பேய்' என்று பெயர் வைத்தது, அது கண் சிமிட்டுவதை அரபியர் கண்டதால்தானா?

அல்கோல் ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒரு முறை சில மணி நேரம் மங்கி, ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அது நிஜம்தான். ஆனால் பெயருக்குக் காரணம் அது இல்லை. டாலமியின் கிரேக்க நூலில் இந்த இடம் கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸ் கையில் வைத்திருக்கும் கோர்கன் அரக்கியின் தலை. அரபி மொழிபெயர்ப்பில் அது 'ரஃஸ் அல்-கூல்', பேயின் தலை, ஆனது. மங்கல் சீரான இடைவெளியில் நடப்பதை ஜான் குட்ரிக் 1783-இல்தான் அறிவித்தார். பெயர் அரபி என்றால் கதையும் அரபி என்று முடிவு செய்ய முடியாது. பாதிக்கு மேல் கிரேக்கத்தின் மொழிபெயர்ப்பு. 964-இல் நட்சத்திர நூல் எழுதிய வானியலாளர் அல்-சூஃபியே இரண்டு மரபுகளையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார்.

உள்ளூர் அரபிப் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

அல்டெபரான். 'அல்-தபரான்' என்றால் பின்தொடர்பவன். கார்த்திகைக் கூட்டம் எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இது எழுகிறது. நம் வரிசையிலும் கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணிதானே, அதே நட்சத்திரம்தான்.

'அல்' என்று தொடங்கினால் அரபிதானே?

எல்லாம் இல்லை. கார்த்திகையின் பிரகாசமான அல்சியோன் கிரேக்கப் பெயர். முன்னே சொன்ன எச்சரிக்கைதான் இங்கேயும்.

ஜுபெனல்ஜெனூபி எப்படித் துலாமில்? பெயரில் தராசு எங்கே?

தராசு இல்லை, தேளின் முன்கைக் கொடுக்கு இருக்கிறது. 'அல்-ஜுபான் அல்-ஜனூபி' என்றால் தெற்குக் கொடுக்கு, பக்கத்து விருச்சிகத்துடையது. துலாம் தனியாகப் பிரியுமுன் அந்த நட்சத்திரங்கள் தேளின் முன்கைகளாகத்தான் இருந்தன. ஜூன் மாதம் முன்னிரவில் தெற்கே பார்த்தால், தேளின் தலைக்கு மேற்கே இரண்டு கொடுக்கும் நீட்டியபடி தெரியும்.