தரவுக் கசிவு சந்தேகம்: முதலில் என்ன செய்வது?

கேள்வி: சைபர் செக்யூரிட்டி அனலிஸ்ட் இன்டர்வியூவில் "டேட்டா கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லுங்கள். நள்ளிரவில் டேட்டாபேஸ் சர்வரிலிருந்து 40 ஜிபி, அறிமுகமில்லாத ஐபி முகவரிக்குப் போயிருக்கிறது. முதலில் அது திட்டமிட்ட பேக்கப்பா என்று சர்வர் பொறுப்பாளரிடம் உறுதிசெய்யுங்கள். பல அலெர்ட்டுகள் இங்கேயே முடிந்துவிடும்.

பேக்கப் இல்லையென்றால், பலர் சர்வரை அணைப்பேன் என்கிறார்கள். அது பெரிய தவறு. அணைத்ததும் மெமரியில் இருந்த புரோகிராம்கள், திறந்திருந்த இணைப்புகள், என்கிரிப்ஷன் சாவிகள் எல்லாம் அழிந்துவிடும். நெட்வொர்க்கிலிருந்து மட்டும் துண்டியுங்கள். பிறகு மெமரி, அதன்பின் டிஸ்க் என்ற வரிசையில் நகலெடுத்து, நகல் பின்னர் மாறவில்லை என்று காட்ட இரண்டுக்கும் SHA-256 ஹாஷ் குறித்துவையுங்கள்.

ஆனால் துண்டிக்கும் முன், அதே ஐபியோடு வேறு கணினிகளும் பேசினவா என்று ஃபயர்வால் லாகில் தேடுங்கள். ஒன்றை மட்டும் துண்டித்தால் ஊடுருவியவர் உஷாராகி, மற்றவற்றில் தடயத்தை அழிப்பார். டேட்டா இன்னமும் வெளியேறிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, உள்ளே நுழையப் பயன்பட்ட கணக்கு. பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது. லாகின் செய்தவரை மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் அனுமதிக்கும் செஷன் டோக்கன் திருடப்பட்டிருந்தால், அது அதற்குப் பிறகும் செல்லுபடியாகலாம். எல்லா செஷன்களையும் ரத்து செய்யுங்கள்.

சட்டப் பிரிவுக்கும் உடனே தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள். ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தினால், தனிநபர் தரவு கசிந்தது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குப் பொதுவாக அறிவித்தாக வேண்டும்.