எலுமிச்சை பிழிந்தும் பால் சரியாகப் பிரியவில்லை

“பனீர் செய்ய, கொதித்த ஒரு லிட்டர் பாலில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டேன். லேசாகத் திரிந்தது, ஆனால் தண்ணீர் வெள்ளையாகவே இருக்கிறது. ஏன்?”

புளிப்பு போதவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்து, இன்னும் ஒரு ஸ்பூன் சாறு விட்டு மெதுவாகக் கிளறுங்கள்.

பாலில் கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அவற்றின் மேலுள்ள எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால்தான் பால் பாலாகவே இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடும். தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக் கட்டியாகின்றன. சூடு இதை விரைவாக்குகிறது. கொதிக்கும்போது, பாலின் நீரில் கரைந்திருக்கும் மோர்ப் புரதங்களும் சுருள் அவிழ்ந்து கேசீனோடு ஒட்டுவதால் பனீர் கூடுதலாகவே கிடைக்கும். உங்கள் பாலில் பாதி உருண்டைகள் இன்னும் விலகியே நிற்கின்றன, அந்த வெள்ளை நிறம் அதுதான்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நீர் தெளிந்து இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் போதும், உடனே அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகும் கொதிக்கவிட்டால் பனீர் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அதனால் ஸ்பூன் கணக்கை விட நீரின் நிறத்தையே நம்புங்கள். மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பால் என்றால், எவ்வளவு பிழிந்தாலும் கட்டி தளர்வாகத்தான் வரும்.