உள் லிங்க்குகளில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரலாமா?

கேள்வி: மஸ்கெலியாவில் எங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு தமிழ்த் தளம் இருக்கிறது. மலை ஏறுவது பற்றிய பக்கங்களுக்குப் போகிற லிங்க் எல்லாவற்றிலும் "சிவனொளிபாத மலை" என்றே போட்டிருக்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. வேறு வேறு வார்த்தை தேடிப் போடட்டுமா?

பதில்: வேண்டாம். சொந்தத் தளத்துக்குள் ஒரே சொற்றொடர் பலமுறை வருவது பெரிய குற்றமில்லை. தேடல் முடிவுகளில் ஏமாற்றுத் தளங்களைக் கீழே தள்ளக் கூகுள் கொண்டுவந்த பென்குயின் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்திருப்பீர்கள். லிங்க் விஷயத்தில் அது குறிவைத்தது மற்றத் தளங்களிலிருந்து செயற்கையாகக் கட்டுபவற்றை.

நீங்கள் "பக்கங்களுக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நல்லதண்ணி வழி ஒரு பக்கம், இரத்தினபுரி வழி ஒரு பக்கம், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான யாத்திரைப் பருவம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் ஒரே பெயரில் லிங்க் கொடுத்தால் எதைத் தட்டினால் எது திறக்கும் என்று வாசகருக்கும் தெரியாது, கூகுளுக்கும் எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்ற குறிப்புக் கிடைக்காது. முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கருச்சொல்லை ஒதுக்குங்கள்: "நல்லதண்ணி வழி", "இரத்தினபுரி வழி", "யாத்திரைப் பருவம்". ஒன்றின் சொல் இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

அப்புறம் அந்தக் கருச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, லிங்க் இருக்கும் பந்தியை வாசிப்பவர் அந்த இடத்தில் என்ன கேட்பார் என்று பார்த்து மிச்சத்தை எழுதுங்கள். அறைகள் பற்றிய பக்கத்தில் இருப்பவருக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதுதான் கவலை. சாப்பாட்டுப் பக்கத்தில் இருப்பவர் வழியில் தேத்தண்ணி கிடைக்குமா என்று பார்ப்பார்.

```html
<a href="/nallathanni">நல்லதண்ணி வழியில் ஏற எவ்வளவு நேரம்</a>
<a href="/nallathanni">நல்லதண்ணி வழியில் உள்ள தேநீர்க் கடைகள்</a>
```

இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் போகின்றன, ஆனால் திரும்பச் சொன்ன மாதிரி இல்லை. ஒன்று மட்டும்: போகிற பக்கத்தில் தேநீர்க் கடையைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் இரண்டாவதைப் போடாதீர்கள். வந்தவர் ஏமாந்து திரும்பிவிடுவார்.

தமிழில் இன்னொரு வசதி, வேற்றுமை உருபே பாதி வேலையைச் செய்துவிடும். வழியில், வழியாக, வழிக்கு என்று வாக்கியத்துக்கு ஏற்ப அது தானாக மாறும். ஆனால் உருபை லிங்க்குக்கு வெளியே விடாதீர்கள். "நல்லதண்ணி வழி" வரை நீலமாகவும் "யாக" மட்டும் கறுப்பாகவும் நிற்பதைப் பல தளங்களில் பார்க்கிறேன், கண்ணை உறுத்துகிறது.

மெனுவை விட்டுவிடுங்கள், அங்கே எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல் இருப்பதுதான் சரி. படத்தை லிங்க் ஆக்கியிருந்தால் அதன் `alt` வாசகத்தையே கூகுள் லிங்க் சொல்லாக எடுத்துக்கொள்ளும். அங்கே `IMG_2041` என்று கிடந்தால் மாற்றுங்கள்.

சரிபார்க்க, தளத்தின் பக்கங்களையும் லிங்க்குகளையும் பட்டியலிடும் Screaming Frog மென்பொருள் போதும், 500 முகவரி வரை இலவசம். ஒரு பக்கத்தைத் தெரிவு செய்து கீழே `Inlinks` பகுதியைத் திறந்தால் அதற்கு வரும் லிங்க் சொற்கள் வரிசையாகத் தெரியும். அவற்றை மட்டும் வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர் தயங்குகிற லிங்க்கை மட்டும் திருத்தினால் போதும்.