சார்ட் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதை மட்டும் சொல்வது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. மச்சானோ ஆபீஸ் நண்பரோ வாட்ஸ்அப்பில் ஒரு கேண்டில் சார்ட்டை அனுப்பி "இதுல என்ன தெரியுது?" என்று கேட்கிறார். வாங்கு, விற்காதே என்று எதுவும் சொல்லாமல், படத்தில் இருப்பதை மட்டும் எப்படிச் சொல்வது? எல்லாப் பதிலுக்கும் ஒரே சார்ட்டை எடுத்துக்கொள்கிறேன்: நிஃப்டி 50, தினசரி கேண்டில், 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து 2025 ஏப்ரல் 7 மாலை வரை. பழைய சார்ட் என்பதால் இதை வைத்து யாரும் இன்று டிரேட் எடுக்க முடியாது, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

படம் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேண்டிலைப் பார்க்காதீர்கள், படத்தின் ஓரங்களைப் பாருங்கள். இடது மேல் மூலையில் பெயரும் `1D` அல்லது `15m` என்ற கால அளவும் இருக்கும். பதினைந்து நிமிட சார்ட்டில் தெரியும் இறக்கம், தினசரி சார்ட்டில் ஒரே ஒரு கேண்டிலுக்குள் அடங்கிப் போகலாம். அதனால் கால அளவைச் சொல்லாமல் "இறங்குமுகம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. அனுப்பியவர் மூலையை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் ஊகிக்காதீர்கள், திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது கடைசி கேண்டில். தேசிய பங்குச் சந்தையின் வர்த்தகம் மாலை 3:30க்கு முடிகிறது, படம் மதியம் 1:10க்கு எடுத்ததாக இருந்தால் அந்தக் கேண்டில் இன்னும் முடியவில்லை. அதன் நிறம், திறப்புக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள உடல், அதற்கு வெளியே நீளும் நிழல் எல்லாமே மாறலாம். அதற்கு முந்தைய கேண்டிலோடு விவரிப்பை நிறுத்திக்கொண்டு, கடைசியது முடியாதது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தனிப் பங்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாகக் கொடுத்தபோது விலை ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியானது. பழைய விலைகளை அதற்கேற்பச் சரிக்கட்டாத சார்ட்டில் அது பெரிய சரிவு போலத் தெரியும், ஆனால் பங்கு வைத்திருந்தவரின் மதிப்பு அதனால் பாதியாகவில்லை. விலை திடீரென்று பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ குறைந்திருப்பதைப் பார்த்தால், போனஸா ஸ்பிளிட்டா என்று விசாரித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

ட்ரெண்ட் என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கு இறக்கமாகத் தெரிவது என் தம்பிக்கு ஏற்றமாகத் தெரிகிறது.

இரண்டு பேரும் கண்ணால் மட்டும் பார்ப்பதால் வரும் சண்டை இது. உச்சங்களையும் அடிகளையும் எண்ணாக எழுதிக்கொண்டால் சண்டை குறையும். இரண்டு பக்கமும் நாலைந்து கேண்டில்களாவது தன்னைவிடத் தாழ்ந்து நின்றால் அதை ஓர் உச்சமாகவும், உயர்ந்து நின்றால் அடியாகவும் நான் எடுத்துக்கொள்வேன். ஐந்து என்பது வேதமில்லை, ஆனால் எந்த அளவை வைத்தாலும் படம் முழுக்க அதையே வைக்க வேண்டும்.

நம் சார்ட்டில் பெரிய உச்சங்கள்: செப்டம்பர் கடைசியில் 26,277, டிசம்பர் தொடக்கத்தில் 24,858, ஜனவரி தொடக்கத்தில் 24,220 அருகே, பிப்ரவரி 5 அன்று 23,800க்குச் சற்று மேல். அடிகள்: நவம்பர் 21 அன்று 23,263, ஜனவரி 27 அன்று 22,787, மார்ச் 4 அன்று 21,965. உச்சமும் படிப்படியாகத் தாழ்கிறது, அடியும் தாழ்கிறது. "செப்டம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை தினசரி சார்ட்டில் இறங்குமுகம்" என்று தயங்காமல் எழுதலாம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். மார்ச் 25 அன்று விலை 23,870 வரை போனது, அதாவது பிப்ரவரி உச்சத்தை ஐம்பது அறுபது புள்ளி தாண்டியது. உங்கள் தம்பி அதைப் பார்த்து ஏற்றம் என்றிருப்பார், அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று முடிந்தது 23,668ல், ஏப்ரல் 7 அன்று வர்த்தகத்தின் நடுவே விலை மார்ச் அடிக்குக் கீழேயே போய்விட்டது. இங்கே ஒரே சொல்லில் முத்திரை குத்தாமல், "மார்ச் கடைசியில் ஓர் உச்சம் முந்தையதைச் சற்றுத் தாண்டியது, அந்த ஏற்றம் தொடரவில்லை" என்று நடந்ததையே எழுதிவிடுங்கள்.

சப்போர்ட் லெவலை எண்ணாகச் சொல்லச் சொல்கிறார்கள். படத்தில் எண் இல்லையே, எப்படி எடுப்பது?

சப்போர்ட் என்பது இறங்கி வந்த விலை நின்று திரும்பிய மட்டம். அதை வலது ஓரத்து விலை அளவுகோலிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம். போனிலோ கணினியிலோ படத்தைத் திறந்து, மேலிருந்து எத்தனையாவது பிக்சலில் எது இருக்கிறது என்று பாருங்கள். 23,000 கோடு 180வது பிக்சலில், 22,000 கோடு 420வது பிக்சலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 புள்ளிக்கு 240 பிக்சல், ஒரு பிக்சலுக்கு நாலு புள்ளிக்குச் சற்று மேல். மார்ச் 4 கேண்டிலின் அடி நுனி 428ல் இருந்தால்:

```
22000 - (428 - 420) × 1000 ÷ 240 ≈ 21967
```

உண்மையான அடி 21,965 என்பதால் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தில் நுனி மங்கிப்போய் மூன்று பிக்சல் இப்படி அப்படி ஆகும், அதாவது பன்னிரண்டு புள்ளி. அதனால் 21,967 என்று எழுதுவது படத்தில் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும். "22,000க்குச் சற்றுக் கீழே, 21,950க்கும் 21,980க்கும் நடுவே" என்று எழுதுங்கள்.

இந்தக் கணக்கு சாதாரண அளவுகோலுக்கு மட்டும்தான். கீழ் மூலையில் `log` அழுத்தப்பட்டிருந்தால் மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். 22,000க்கும் 23,000க்கும் உள்ள தூரமும் 25,000க்கும் 26,000க்கும் உள்ள தூரமும் ஒன்றா என்று அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 7 அன்று சப்போர்ட் உடைந்ததா இல்லையா? பச்சை கேண்டில்தானே இருக்கிறது!

இந்த ஒரு கேண்டிலைப் பற்றி நான் வகுப்பில் அரை மணி நேரம் பேசுவேன், அவ்வளவு இருக்கிறது அதில். முந்தைய வர்த்தக நாளான ஏப்ரல் 4 முடிந்தது 22,904ல். ஏப்ரல் 7 காலை திறந்ததே 21,758ல், நடுவே ஆயிரத்து நூறு புள்ளிக்கு மேல் வெற்றிடம். அங்கிருந்து 21,744 வரை இறங்கி, பிறகு ஏறி 22,162ல் முடிந்தது. திறந்ததைவிட மேலே முடிந்ததால் கேண்டில் பச்சை. ஆனால் முந்தைய நாளோடு ஒப்பிட்டால் சந்தை 743 புள்ளி, மூன்று சதவீதத்துக்கும் மேல் விழுந்த நாள் அது. நிறம் திறப்புக்கும் முடிவுக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்கிறது. பச்சையைப் பார்த்து "சந்தை உயர்ந்தது" என்று எழுதினால் நேர்மாறாக எழுதியதாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்ச் 4ன் அடி 21,965. ஏப்ரல் 7ன் அடி அதைவிட இருநூறு புள்ளிக்கு மேல் கீழே. ஆனால் முடிவு விலைகளைப் பார்த்தால் மார்ச் 4 முடிந்தது 22,083ல், ஏப்ரல் 7 முடிந்தது 22,162ல். நுனியை வைத்துப் பார்ப்பவருக்கு உடைந்தது, முடிவு விலையை வைத்துப் பார்ப்பவருக்கு உடையவில்லை. இரண்டும் சரியான வாசிப்புதான், எந்த அளவுகோல் என்று சொல்லாமல் "உடைந்தது" என்றால் மட்டுமே தப்பு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வர்த்தகத்தின் நடுவே மார்ச் அடிக்குக் கீழே போனது, அதற்கு மேலே முடிந்தது." சப்போர்ட்டை ஒரே கோடாகப் போடாமல் 21,740 முதல் 22,100 வரை ஒரு பட்டையாகப் போட்டால் இந்தத் தகராறே பெரும்பாலும் எழாது.

அடுத்த பத்து நாளில் நிஃப்டி 23,800ஐத் தாண்டியது, அதை வைத்து "பாருங்கள், சப்போர்ட் வேலை செய்தது" என்று சிலர் எனக்கு எழுதினார்கள். ஏப்ரல் 7 மாலை எடுத்த படத்தில் அது இல்லை. அதேபோல, அந்த வாரச் சரிவுக்கு அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்புதான் காரணம் என்பது செய்தித்தாளில் இருந்தது, கேண்டிலில் இல்லை. படத்தை விவரிக்கும்போது இரண்டையும் வெளியே வையுங்கள்.

எந்த இடத்தில் விவரிப்பு ஆலோசனையாக மாறுகிறது? கீழே "இது முதலீட்டு ஆலோசனை அல்ல" என்று போட்டால் போதாதா?

போதாது. மேலே "22,000ல் நல்ல வாய்ப்பு, 21,700 ஸ்டாப் லாஸ்" என்று எழுதிவிட்டுக் கீழே அந்த வரியைப் போட்டால், படிப்பவர் மேலே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார். வினைச்சொல்லைப் பாருங்கள். "திரும்பியது", "தடுக்கப்பட்டது", "இரண்டு முறை தொட்டது" எல்லாம் நடந்தவை, யாரும் சரிபார்க்கலாம். "திரும்பும்", "தாங்கும்", "உடைத்தால் பறக்கும்" எல்லாம் உங்கள் கணிப்பு. பெயரடையும் ஏமாற்றும். "வலுவான சப்போர்ட்" என்று எழுதும்போதே வாங்கலாம் என்ற வாசனை வந்துவிடுகிறது, அதற்குப் பதில் எத்தனை முறை, எந்தத் தேதிகளில் என்று எழுதுங்கள்.

சட்டமும் இருக்கிறது. வாங்க, விற்கச் சொல்வது, இலக்கு விலை, ஸ்டாப் லாஸ் கொடுப்பது எல்லாம் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2014ஆம் ஆண்டு ரிசர்ச் அனலிஸ்ட் விதிமுறைகளுக்குள் வரும், அதைத் தொழிலாகச் செய்யப் பதிவு வேண்டும். நிஃப்டி போன்ற பரந்த குறியீட்டைப் பற்றிய பேச்சை அதே விதிமுறைகள் ஆய்வறிக்கை என்ற வரையறைக்கு வெளியே வைக்கின்றன, தனிப் பங்குக்கு அந்த இடம் கிடையாது. பாடம் நடத்துகிறவர்களுக்கு 2025 ஜனவரி 29 அன்று செபி ஒரு தெளிவுரை கொடுத்தது: பங்கின் பெயரோடு விலையைக் காட்டும்போது கடந்த மூன்று மாத விலையைப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் யூடியூபில் கற்றுக்கொடுக்கிறவர் என்றால் இதைக் கட்டாயம் முழுதாகப் படியுங்கள்.

முழு விவரிப்பு ஒன்றை எழுதிக் காட்டுங்களேன்.

"நிஃப்டி 50, தினசரி, 2025 ஏப்ரல் 7 முடிவு வரை. செப்டம்பர் உச்சம் 26,277க்குப் பிறகு மார்ச் தொடக்கம் வரை உச்சங்களும் அடிகளும் தாழ்ந்துகொண்டே வந்தன. மார்ச் கடைசியில் ஓர் உச்சம் பிப்ரவரி உச்சத்தைச் சற்றுத் தாண்டியது, அந்த ஏற்றம் தொடரவில்லை. மேலே 23,800–23,870 பகுதியில் பிப்ரவரி 5, மார்ச் 25 என இரண்டு முறை விலை திரும்பியது. கீழே 21,740–22,100 பகுதியில் மார்ச் 4, ஏப்ரல் 7 என இரண்டு முறை விலை வந்திருக்கிறது. இரண்டாவது முறை பெரிய இடைவெளியோடு கீழே திறந்து, முந்தைய அடிக்குக் கீழே போய், அதற்கு மேலே முடிந்தது. இந்தப் பகுதிக்குக் கீழே ஒரு தினசரி முடிவு வந்தால் கீழ்ப்பட்டை பற்றிய வரி பொருந்தாது, 23,870க்கு மேலே வந்தால் மேல்பட்டை பற்றியது பொருந்தாது."

கடைசி வரி கணிப்பு போலத் தெரியலாம், கவனித்துப் படியுங்கள். விலை எங்கே போகும் என்று அது சொல்லவில்லை, என் விவரிப்பு எப்போது காலாவதியாகும் என்று மட்டும் சொல்கிறது. மச்சான் அப்புறமும் "சரி, வாங்கலாமா?" என்று கேட்டால், அவருடைய கடனும் சேமிப்பும் இந்தப் படத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் அனுப்புங்கள்.