இரண்டாம் முறையும் நின்றுபோன கிரைண்டர்: வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதலாம்?

கேள்வி: லிட்டில் இந்தியாவில் சின்னதாகப் பாத்திர, மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் 320 வெள்ளிக்கு 2 லிட்டர் கிரைண்டர் வாங்கிய ஓர் அம்மா, தொட்டி சுற்றவில்லை என்று கொண்டுவந்தார். பெல்ட்டை மாற்றிக் கொடுத்தோம். இரண்டே வாரத்தில் மறுபடியும் நின்றுவிட்டது. நேற்று கிரைண்டரைக் கடையில் வைத்துவிட்டு, "ஏமாற்றுக்காரர்கள்" என்று வாட்ஸ்அப்பில் நீளமாகத் திட்டி அனுப்பியிருக்கிறார். ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறோம். எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: அந்த ரசீது வரியைப் பதிலில் எழுதிவிடாதீர்கள். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பழுதான பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தர 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. வாங்கியவர் தவறாகப் பயன்படுத்தியதால் கெட்டது என்றால் அவர் கோர முடியாது. ஆனால் வாய்வார்த்தை போதாது, சான்று வேண்டும்.

எனவே எழுதுவதற்கு முன் கிரைண்டரின் அடித்தட்டைக் கழற்றுங்கள். மோட்டார் உறுமுகிறது, தொட்டி மட்டும் சுற்றவில்லை என்றால் பெல்ட் நழுவுகிறது என்று அர்த்தம். புது பெல்ட்டும் இரண்டு வாரத்தில் நழுவினால், பெரும்பாலும் கோளாறு பெல்ட்டில் இருக்காது. தொட்டி உட்காரும் நடுத்தண்டைச் சுற்றி மாவு காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா, பெல்ட் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரப்பர் சீல் வழியே தண்ணீர் இறங்குகிறது. உள்ளே காய்ந்திருந்து, பெல்ட் ஓரிடத்தில் மட்டும் கருகித் தேய்ந்திருந்தால், கெட்டி மாவில் தொட்டி நின்றுபோக மோட்டார் மட்டும் ஓடியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீல்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

"வணக்கம் அம்மா. எங்களிடம் வாங்கிய கிரைண்டர் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை நின்றுவிட்டது. முதல் முறை பழுதுபார்த்துக் கொடுத்தும் சரியாகவில்லை. இரண்டு முறை தூக்கிக்கொண்டு வரவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தோம். நடுத்தண்டின் ரப்பர் சீல் சரியாகப் பொருந்தாததால் தண்ணீர் கசிந்து பெல்ட்டில் இறங்கியிருக்கிறது. சென்ற முறை பெல்ட்டை மட்டும் மாற்றினோம், சீலைக் கவனிக்கவில்லை. நீங்கள் பயன்படுத்திய விதத்தில் தவறில்லை. படங்களை இணைத்திருக்கிறோம்.

அதே மாடலில் புதிய கிரைண்டரை வியாழன் இரவு 7 மணிக்கு உங்கள் வீட்டில் கொண்டுவந்து தருகிறோம். உங்கள் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவோம். வேண்டாம் என்றால், 320 வெள்ளியையும் அன்றே பேநவ் வழி திருப்பித் தருகிறோம். எது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்."

இதில் இன்னொரு முறை பழுதுபார்ப்பதாகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சட்டப்படி முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ தரலாம்தான். ஆனால் அதை நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய சிரமம் இல்லாமல், உங்கள் செலவில் செய்ய வேண்டும். ஒருமுறை தோற்ற பிறகு, விலைக்குறைப்பையோ பணத்தையோ கேட்க அவருக்கு வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. அவர் பயன்படுத்திய மூன்று மாதத்துக்காகத் திருப்பித் தரும் தொகையில் கொஞ்சம் கழிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. இருபது முப்பது வெள்ளிக்காக அந்தப் பேச்சை எடுப்பது வீண் என்பேன்.

"நல்லெண்ண அடிப்படையில் மாற்றித் தருகிறோம்" என்றும் எழுதாதீர்கள். அவருக்குச் சேரவேண்டியதைச் சலுகைபோல நீட்டினால் கோபம் இரட்டிப்பாகும். "ஏமாற்றுக்காரர்கள்" என்ற சொல்லுக்கும் பதில் தேவையில்லை. "விரைவில்" என்று எழுதினால் மறுநாளே தொலைபேசி அடிக்கும், அதனால் கிழமையும் நேரமும் போடுங்கள். போடுமுன் அந்த மாடல் கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால், மன்னிப்புக் கேட்ட வரியே அடுத்த சண்டைக்கு விதையாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரல்கள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். அனுப்பிய செய்தி, படங்கள், பெல்ட் மாற்றிய தேதி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். கழற்றிய ரப்பர் சீலையும் தூக்கி எறிய வேண்டாம், கிரைண்டரை அனுப்பிய மொத்த வியாபாரியிடம் உங்கள் பணத்தைக் கேட்க அதுதான் வேண்டும்.