கத்திரி வெயிலில் மாத்திரை எங்கே இருந்தது? வாசகர் கேள்விகள்

மதுரை வாசகர்: விறைப்புக் குறைபாட்டுக்குப் போடும் 50 மி.கி. சில்டெனாஃபில் ஒரு கடையில் ஒன்று சுமார் பத்து ரூபாய், இன்னொரு கடையில் நாற்பது. மலிவானதில் மருந்து குறைவாகத்தானே இருக்கும்?

இல்லை. அட்டையில் 50 என்று போட்டால் உள்ளே 50 இருந்தாக வேண்டும். சிறிய ஏற்ற இறக்கத்துக்கு மட்டுமே அனுமதி உண்டு. விலையில் ஏறுவது பெயருக்கான செலவும் விளம்பரமும்தான். நம் கடைகளில் 'பிராண்ட்' என்று கேட்டு வாங்குவதும் பெரும்பாலும் ஜெனரிக்தான். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகராதான் முதல் மருந்து. மற்றவை அதே மூலப்பொருளுக்கு வேறு வேறு பெயர்கள்.

சேலம் வாசகர்: ஜெனரிக் 80 சதவீதம் இருந்தாலே போதும் என்கிறார்களே?

தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 80 முதல் 125 என்பது மாத்திரைக்குள் இருக்கும் அளவு அல்ல. ரத்தத்தில் மருந்து சேரும் அளவை முதல் மருந்தோடு ஒப்பிடும் சோதனையின் எல்லைகள் அவை. சராசரி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள பிழை வரம்பும் முழுதாக அதற்குள் அடங்க வேண்டும். சராசரி நூறுக்குப் பக்கத்தில் இல்லாத மருந்து தேறுவது கடினம்.

வேலூர் வாசகர்: முன்பு வாங்கிய பிராண்ட் நன்றாக வேலை செய்தது. மே மாதம் ஜெனரிக் வாங்கினேன், இரண்டு முறையும் பலன் இல்லை. வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரவு பரோட்டா சாப்பிட்டதும் போடுகிறேன். இரண்டாகப் போடலாமா?

கூடாது. மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டவே கூடாது.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. முதலில் பரோட்டா. எண்ணெயும் இறைச்சியும் நிறைந்த சாப்பாட்டோடு சில்டெனாஃபில் போனால் வேலை தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகும், ரத்தத்தில் அதன் உச்ச அளவும் கால் பங்குக்கு மேல் குறையும். இதே வகையைச் சேர்ந்த டடலாஃபிலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது அந்தச் சீட்டுப் பெட்டி. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அட்டையில் '30 டிகிரிக்குக் கீழ்' என்று அச்சடித்திருக்கிறது. கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்புச் சீட்டுக்கு அடியில் 50 டிகிரி சாதாரணம். சில்டெனாஃபில் கொஞ்சம் தாங்கும் மருந்துதான். அட்டை கிழியாமல் இருந்தால் ஓரிரு நாள் வெயிலில் கெட்டுவிடாது. ஆனால் மாதக்கணக்கில் வெந்து, வண்டி கழுவும் ஈரமும் சேர்ந்தால் நிலைமை வேறு. மாத்திரை சரியாகக் கரையாமல் போகலாம், மேல்பூச்சும் பிசுபிசுக்கும். ஒருவர் என் கடைக்குக் கொண்டுவந்த அட்டையைப் பிரித்தபோது பூச்சு அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அவரும் 'டூப்ளிகேட்' என்றுதான் சண்டைக்கு வந்தார். பார்வைக்கு நன்றாக இருந்தாலே வீரியம் இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். அதே ஜெனரிக்கில் புதிதாக நாலே நாலு மாத்திரை வாங்குங்கள். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் பக்கமோ சமையலறையோ குளியலறையோ வேண்டாம். இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு, உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். கிளர்ச்சி இல்லாமல் மாத்திரை தானாக எதையும் செய்யாது. நாலு முறை இப்படிப் பார்த்த பிறகும் பலன் இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

தூத்துக்குடி வாசகி: கணவருக்காகக் கேட்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

தேவையில்லை. வெளியே எடுத்ததும் கடற்கரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த மாத்திரையில் படியும். பர்ஸும் வேண்டாம். உட்கார்ந்து எழுந்தே அட்டை வெடித்துவிடும்.

திருச்சி வாசகர்: இதயத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், பெயர் ஞாபகமில்லை. சில்டெனாஃபிலில் எந்த பிராண்ட் மலிவு?

பெயர் தெரியாமல் விலை கேட்பதா? அது நைட்ரேட் வகையாக, அதாவது ஐசோசார்பைட், நைட்ரோகிளிசரின் போன்றதாக இருந்தால் மலிவும் வேண்டாம், விலை கூடியதும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக விழும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரைப் பாருங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: இந்த மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் ஒரு நாள், டடலாஃபில் என்றால் இரண்டு நாள் நைட்ரேட் தரக் கூடாது.

கோவை வாசகர்: மூலிகை கேப்சூல், பக்கவிளைவே இல்லை என்கிறார்கள்.

இப்படி விற்றவற்றில் சில்டெனாஃபிலை ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. வாங்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: போலி என்று சந்தேகம் வந்தால்?

பில் இருக்கிறதா? பேட்ச் எண்ணோடு பில் இல்லையென்றால் பேசிப் பயனில்லை. இருந்தால், மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் வழி கேளுங்கள். பிரிக்காத மாத்திரைகளை அட்டையோடு கொடுங்கள். அதுவரை அந்த அட்டையையும் வெயிலில் வைக்காதீர்கள்.