சி மைனர் ஃபியூகின் கடைசி ஈ: அச்சுப்பிழையா?

"பாகின் சி மைனர் ஃபியூக், 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதி. கடைசி கார்டில் மட்டும் ஈ நேச்சுரல். பிழையா? ஏன் திடீரென விளக்குப் போட்டதுபோல் இருக்கிறது?"

பிழை இல்லை, அப்படியே வாசியுங்கள். மைனர் படைப்பின் கடைசி கார்டை இப்படி மேஜராக்குவதற்குப் பிக்கார்டி தேர்ட் என்று பெயர். சி, ஜி இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, நடு ஸ்வரம் மட்டும் அரைப்படி ஏறுகிறது.

வெளிச்சத்துக்குக் காரணம் அதற்கு முன் நடந்ததில் இருக்கிறது. ஃபியூகின் கருப்பொருள் முதன்முறை வரும்போது ஈ ஃபிளாட்டில் இறங்கி முடிகிறது. கடைசி முறை, கீழே நீண்டு ஒலிக்கும் சி-யின் மேல் அதே கருப்பொருள் வருகிறது. காது ஈ ஃபிளாட்டுக்குத் தயாராக இருக்கும்போது ஈ வந்து நிற்கிறது. அந்த இறக்கம் எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

இன்னொன்று, தாழ்ந்த சி ஒலிக்கும்போதே அதன் நான்காவது மேலொலியாக ஈ மெல்லக் கலந்திருக்கிறது. ஈ ஃபிளாட் அதனோடு உரசுகிறது, ஈ நேச்சுரல் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

சோதித்துப் பாருங்கள்:

1. நடு சி-க்கு மேலுள்ள ஈ-யை ஒலி வராமல் அழுத்திப் பிடியுங்கள். நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழுள்ள சி-யைப் பலமாகத் தட்டி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். ஈ தானாக ஒலிக்கும். இதற்குத் தந்தியுள்ள பியானோ வேண்டும். பல மின் கீபோர்டுகளில் வராது.

2. கடைசி கார்டைத் தனியாக வாசியுங்கள். வெறும் சி மேஜர்தான், வெளிச்சம் இல்லை. பிறகு கடைசி மூன்று பார்களோடு சேர்த்து வாசியுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தத் தொகுதி 1722-ஐச் சேர்ந்தது. அக்காலத்தில் மைனர் படைப்பை மேஜரில் முடிப்பது வழக்கம். அன்றைய காதுக்கு இது நமக்கு இருக்கும் அளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. அதனால் அந்த ஈ-யை மட்டும் ஓங்கி அடிக்க வேண்டாம்.